துபாய், ஷார்ஜாவில் கம்பெனி மாறுவது எப்படி: நோட்டீஸ் முதல் புது விசா வரை, நாள் தவறாமல்

ஷார்ஜாவில் ஒரு கம்பெனியின் விசா வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து வளைகுடா போன பையன்கள் இன்னமும் போன் செய்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, வேற கம்பெனில கூப்பிடறாங்க, இங்க எப்படி வெளிய வர்றது?"

மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் சட்டம் தெரியாதது பிரச்சினை இல்லை. சரியான காரியத்தைத் தப்பான வரிசையில் செய்துவிடுகிறார்கள். அதனால் இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் தனியார் கம்பெனி விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். வீட்டு வேலை, வீட்டு டிரைவர் விசாவுக்குத் தனிச் சட்டம். துபாயின் டிஐஎஃப்சி, அபுதாபியின் ஏடிஜிஎம் என்ற இரண்டு நிதி மண்டலங்களுக்கும் சொந்த வேலைச் சட்டம் உண்டு. மற்ற ஃப்ரீ ஸோன்களில் சட்டம் இதேதான், ஆனால் காகிதங்கள் அந்த ஸோன் அலுவலகம் வழியாகப் போகும்.

நடுநடுவே குடியாத்தத்துத் தம்பி ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பேசிக் 1,500 திர்ஹம், அலவன்ஸ் சேர்த்து 2,200. 2022 ஏப்ரல் 1 அன்று சேர்ந்தவர், 2025 மார்ச்சில் கம்பெனி மாற முடிவெடுத்தார்.

1. முதலில் உங்கள் ஒப்பந்தத்தைத் தேடிப் படியுங்கள்

ஊரில் ஏஜென்ட் காட்டிய காகிதம் வேறு, அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம் வேறு. செல்லுபடியாவது இரண்டாவது மட்டுமே. வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் `MOHRE` செயலியில் உங்கள் விவரத்தைக் கொடுத்து உள்ளே போனால் அது கிடைக்கும். அரபியும் ஆங்கிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். விசா கேன்சல் ஆன பிறகு தேடி அலைவதைவிட இப்போதே எடுத்துவிடுவது சுலபம்.

அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, நோட்டீஸ் காலம். 2021-ன் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி அது 30 நாளுக்குக் குறையக்கூடாது, 90 நாளைத் தாண்டக்கூடாது. இடையில் எத்தனை என்பதை உங்கள் ஒப்பந்தம் சொல்லும். "எல்லாருக்கும் ஒரு மாசம்தான்" என்று ரூமில் சொல்வதை நம்பி, 60 நாள் ஒப்பந்தத்தில் 30 நாளில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்ச 30 நாளின் சம்பளத்தைக் கம்பெனிக்கு நஷ்ட ஈடாகக் கொடுக்க வேண்டி வந்தது.

இரண்டு, புரொபேஷன் என்கிற ஆரம்பச் சோதனைக் காலம் முடிந்ததா என்பது. அது அதிகபட்சம் ஆறு மாதம். மூன்று, போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற விதி இருக்கிறதா என்பது. மெக்கானிக், டிரைவர், ஹெல்பருக்கு இது பெரும்பாலும் இருக்காது. சேல்ஸ் வேலையில் இருப்பவர்கள் கவனமாகப் பாருங்கள். அது இரண்டு வருடம் வரை நீளலாம்.

2. புரொபேஷனில் இருந்தால் கணக்கு வேறு

ஆறு மாதம் முடிவதற்குள் அதே நாட்டில் வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமென்றால், குறைந்தது ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய கம்பெனி உங்களைக் கொண்டுவரச் செலவழித்த பணத்தைப் புதுக் கம்பெனி ஈடு செய்ய வேண்டும். நீங்கள் அல்ல. இதைப் புதுக் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய், கடைசி நேரத்தில் அவர்கள் பின்வாங்கினால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள்தான்.

ஊருக்கே திரும்புவதென்றால் 14 நாள் நோட்டீஸ் போதும். ஆனால் போய் மூன்று மாதத்துக்குள் வேறு கம்பெனி விசாவில் திரும்பி வந்தால், அந்த ஈட்டுத் தொகைப் பேச்சு மறுபடி எழும். நோட்டீஸே கொடுக்காமல் விமானம் ஏறினால் ஒரு வருடத்துக்கு வேலை பெர்மிட் கிடைக்காது.

3. ராஜினாமாவுக்கு முன்னால் உண்மையான ஆஃபர்

வரிசை பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். ஆஃபரில் இரண்டு வகை உண்டு. கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்து வாட்ஸ்அப்பில் வருவது ஒன்று. அமைச்சகத்தின் படிவத்தில், பரிவர்த்தனை எண்ணோடு வருவது இன்னொன்று. முதலாவதை யாரும் அடிக்கலாம், அடுத்த நாள் கிழித்தும் போடலாம். இரண்டாவதில் இருக்கும் சம்பளமும் பதவியும் அமைச்சகத்தில் ஏறும், பிறகு வரும் ஒப்பந்தமும் அதே எண்களோடுதான் வர வேண்டும். இந்த இரண்டாவது ஆஃபரில் கையெழுத்திட்டு, நகலை வைத்துக்கொண்ட பிறகே பழைய இடத்தில் வாயைத் திறக்க வேண்டும்.

கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்குக் கோட்டா இருக்கிறதா, ஃபைல் ஓப்பனாக இருக்கிறதா?" ஒவ்வொரு கம்பெனிக்கும் இத்தனை பேர் என்று அமைச்சகம் கோட்டா கொடுத்திருக்கும். தொழிலாளர்களுக்குச் சம்பளத்தை வங்கி வழியாக நேரத்துக்குப் போடாத கம்பெனிக்குப் புது பெர்மிட்டை நிறுத்தி வைப்பார்கள். அப்படி நின்றுபோன ஃபைலை வைத்துக்கொண்டு ஆள் எடுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் எல்லோருக்கும் இருக்காது, "அடுத்த வாரம் சரியாயிடும்" என்று அவர்களே நம்பிக்கொண்டிருப்பார்கள். நாள் எண்ணப்படுவது என்னவோ உங்களுக்கு.

குடியாத்தத்துத் தம்பி இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. லெட்டர்ஹெட் ஆஃபரைப் பார்த்து ராஜினாமா கொடுத்தார். என்ன ஆனது என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

டிரான்ஸ்பர் செலவு என்று உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக்கூடாது என்று அதே சட்டத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது. வேலூரில் உட்கார்ந்துகொண்டு "அங்க டிரான்ஸ்பர் நான் பண்ணித் தர்றேன்" என்று சொல்லும் ஏஜென்டுக்கும் இதில் வேலையே இல்லை. புதுக் கம்பெனியின் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பிஆர்ஓவும், விண்ணப்பம் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரும் செய்கிற காரியம் இது.

4. ராஜினாமா: எழுத்தில், தேதியோடு

போர்மேனிடம் வாயால் சொல்வது ராஜினாமா ஆகாது. ஈமெயில் அனுப்புங்கள், அலுவலக ஈமெயில் இல்லாதவர்கள் கடிதம் எழுதி நகலில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் பெறுங்கள். கடிதத்தில் இரண்டு தேதி இருக்க வேண்டும்: கொடுத்த நாள், கடைசி வேலை நாள். காரணம் எழுதத் தேவையில்லை.

தம்பியின் ஒப்பந்தத்தில் 30 நாள். மார்ச் 1 மாலை ஈமெயில் போனது. மார்ச் 2 முதல் எண்ணினால் 31 கடைசி நாள். சேர்ந்து சரியாக மூன்று வருடம் முடிந்தது. இந்தக் கணக்கை அவர் சரியாகச் செய்தார்.

நோட்டீஸ் காலத்தில் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. சம்பளம் முழுதாக வரும், நீங்களும் முழுதாக வேலைக்குப் போக வேண்டும். "எப்படியும் போறோமே" என்று கடைசி வாரம் ரூமில் படுத்துவிடுவது ரொம்ப ஆபத்தான தவறு. காரணமில்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால், ஓடிப்போனதாகக் கம்பெனி புகார் போட வழி கிடைக்கிறது. அந்தப் புகார் ஏறினால் டிரான்ஸ்பர் நின்றுவிடும், ஒரு வருடம் பெர்மிட் கிடைக்காமலும் போகலாம். உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றை அன்றைக்கே அனுப்பிவையுங்கள்.

பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தால் இந்த மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள். தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்து வைக்கச் சட்டம் விடுவதில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் புதுப்பிக்கும் வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். கேன்சலுக்குப் பிறகு அதற்கு ஆகிற ஒவ்வொரு நாளும் நாட்டில் தங்க உங்களுக்கு உள்ள கெடுவிலிருந்து கழியும்.

5. பணம் கைக்கு வந்த பிறகே கேன்சல் கையெழுத்து

கேன்சல் படிவத்தில் "எனக்கு வர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்திட்ட பிறகு பாக்கி கேட்பது மலையேறுகிற வேலை. எவ்வளவு வர வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

தம்பிக்கு வந்த கணக்கு இது. கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். 1,500-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 50 திர்ஹம். 21 நாளுக்கு 1,050. மூன்று வருடத்துக்கு 3,150. எடுக்காத லீவு 18 நாள், அதுவும் பேசிக்கில்தான், 900. மார்ச் சம்பளம் 2,200. மொத்தம் 6,250 திர்ஹம்.

கம்பெனி முதலில் காட்டிய தாளில் லீவுப் பணம் இல்லை. தம்பி தன் தாளைக் காட்டியதும் சேர்த்துவிட்டார்கள். சண்டை எதுவும் நடக்கவில்லை. கேட்காதவனுக்கு யாரும் கணக்குப் பார்த்துத் தரமாட்டார்கள், அவ்வளவுதான்.

வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் பாக்கி முழுவதும் வர வேண்டும். தராவிட்டால் அமைச்சகச் செயலியிலேயே புகார் போடலாம், 80084 எண்ணிலும் கூப்பிடலாம். 50,000 திர்ஹம் வரையான தகராறுகளில் அமைச்சகமே முடிவு சொல்ல முடியும், கோர்ட் வரை இழுக்க வேண்டியதில்லை. புகாருக்கு வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் காலம் உண்டு.

வங்கியில் கடனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசிக் கணக்குப் பணம் கணக்கில் விழுந்ததும் வங்கி அதைப் பிடித்து வைக்கலாம். முன்னாடியே போய்ப் புது ஆஃபரைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

6. கேன்சல் தாளில் உள்ள தேதிதான் உங்கள் கடிகாரம்

கேன்சல் என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம், ஆனால் நடப்பது இரண்டு. முதலில் வேலை பெர்மிட் கேன்சல், அது அமைச்சகத்தில். அடுத்து ரெசிடென்ஸ் விசா கேன்சல், அது குடியேற்றத் துறையில். இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி இருக்கலாம். இரண்டு தாளின் நகலையும் வாங்குங்கள்.

விசா கேன்சல் ஆன நாளிலிருந்து சலுகைக் காலம் ஓட ஆரம்பிக்கும். பலருக்கும் அது 60 நாள். வேலைத் தரத்தையும் விசா வகையையும் பொறுத்துச் சிலருக்கு 90, 180 நாள் உண்டு. ரூம்மேட்டுக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளில் அச்சான தேதியைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் `smartservices.icp.gov.ae` தளத்தில் `File Validity` என்ற இடத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். துபாய் விசாக்காரர்கள் துபாய் குடியேற்றத் துறையின் தளத்தில் பார்க்க வேண்டும்.

60 நாள் என்பது இரண்டு மாதம் அல்ல. தம்பிக்கு ஏப்ரல் 9 பணம் வந்தது, ஏப்ரல் 10 விசா கேன்சல். ஏப்ரலில் பாக்கி 20 நாள், மே 31 நாள், ஜூன் 9 நாள். ஆக ஜூன் 9 கடைசி. அவர் மனதில் வைத்திருந்தது ஜூன் 10.

அந்த ஒரு நாளை விடுங்கள், பெரிய அடி வேறு. லெட்டர்ஹெட் ஆஃபர் கொடுத்த கம்பெனி ஏப்ரல் 24 அன்று விண்ணப்பம் போட்டது. பழைய ஆட்களின் சம்பளப் பாக்கியால் ஃபைல் நின்றிருந்தது, விண்ணப்பம் நகரவில்லை. தம்பி வாராவாரம் போன் செய்தார். "பிராசஸ்ல இருக்கு" என்ற பதில் மட்டும் வந்தது. மே 26 அன்று நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கையில் மிச்சம் 14 நாள்.

அன்று ராத்திரி எனக்குப் போன் வந்தது. நான் சொன்னது ஒன்றுதான்: பழையதை மறந்துவிடு, பெர்மிட் எடுக்கக்கூடிய வேறு கம்பெனியை இந்த வாரத்துக்குள் பிடி, இல்லாவிட்டால் ஜூன் 8-க்கு டிக்கெட் போடு. அவரிடம் டிரேட் சான்றிதழ் இருந்ததால் அஜ்மானில் ஒரு கம்பெனி கிடைத்தது. ஜூன் 2 அமைச்சகப் படிவத்தில் கையெழுத்து, 11 பெர்மிட் அனுமதி, 13 ஸ்டேட்டஸ் மாற்றம், அதாவது நாட்டுக்குள் இருந்தபடியே புது விசாவுக்கு மாறுவது. ஜூன் 10 முதல் 13 வரை நான்கு நாள் கூடுதல் தங்கல். நாளுக்கு 50 திர்ஹம், 200 கட்டினார். தொகை சின்னது. அந்த அனுமதி ஜூலைக்குத் தள்ளிப் போயிருந்தால் கதை வேறு.

ஆகவே புதுக் கம்பெனியிடம் "ஆச்சா?" என்று கேட்காதீர்கள். விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். எண் கொடுத்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரமாகியும் எண் தராத கம்பெனி விண்ணப்பமே போடவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுங்கள்.

7. இடைப்பட்ட நாளில் ஒரு மணி நேரம்கூட வேலை வேண்டாம்

சலுகைக் காலம் தங்குவதற்கு மட்டும். வேலை செய்ய அது அனுமதி தராது. "சும்மா சைட்டுக்கு வந்து பாரு", "டிரெயினிங் மாதிரி" என்று புதுக் கம்பெனி கூப்பிடும். தம்பியையும் ஏப்ரல் 15-லேயே கூப்பிட்டார்கள். போகவில்லை, நல்ல வேளை.

பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால், 2024-இல் வந்த திருத்தத்தின்படி கம்பெனிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம். சோதனையில் பிடிபடும் தொழிலாளிக்கு அது நாடு கடத்தல் வரை போகலாம். அப்படி அனுப்பினால் திரும்ப வருவது கஷ்டம். நண்பன் கடையில் ரெண்டு நாள் உதவிக்கு நின்றதும் இதே கணக்கில் சேரும்.

இந்த இரண்டு மாதச் சாப்பாடு, ரூம் வாடகைக்குக் காசு ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் ராஜினாமா கொடுக்க வேண்டும். காசு தீர்ந்தவர்கள்தான் அந்த "டிரெயினிங்"குக்குப் போகிறார்கள்.

8. ஸ்டேட்டஸ் மாறிய பிறகு

புது பெர்மிட் வந்து ஸ்டேட்டஸ் மாறியதும் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து, ரெசிடென்ஸ். இதில் சிக்கல் அதிகமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மட்டும் ஆஃபரில் இருந்த பேசிக்கும் இதில் இருக்கும் பேசிக்கும் ஒன்றா என்று பாருங்கள். மொத்தச் சம்பளத்தை அப்படியே வைத்துப் பேசிக்கைக் குறைப்பார்கள். கிராஜுவிட்டியும் லீவுப் பணமும் பேசிக்கில் ஓடுவதால் அந்த நஷ்டம் போகும் நாளில்தான் தெரியும்.

குடும்பத்தை உங்கள் விசாவில் வைத்திருந்தால், உங்கள் விசா கேன்சலுக்கு முன்பே அவர்கள் விசாவை நிறுத்தி வைக்கும் விண்ணப்பத்தை டைப்பிங் சென்டரில் கேளுங்கள். அவர்கள் விசா உங்களுடையதில்தான் தொங்குகிறது.

9. நடுவில் ஊருக்கு வந்துபோக நினைத்தால்

கேன்சலுக்குப் பிறகு காட்பாடி வந்து இறங்கி, புதுக் கம்பெனியின் என்ட்ரி பெர்மிட்டில் திரும்பிப் போவதும் ஒரு வழிதான். சலுகைக் கால பயம் இதில் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பு தேறாமல் இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் புது வேலை விசாவுக்கு இந்திய அரசின் இமைகிரேட் தளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி எடுத்தே விமானம் ஏற முடியும். அதற்கு ஆகும் நாளையும் சேர்த்துப் புதுக் கம்பெனியிடம் தேதி சொல்லுங்கள். "விசிட் விசாவில் வா, மாத்திக்கலாம்" என்றால் என்ட்ரி பெர்மிட் வரும்வரை ஊரிலேயே இருங்கள்.

லீவில் வந்த இடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ராஜினாமா அனுப்புகிறவர்களும் உண்டு. அங்கே திரும்பாவிட்டால் அது ராஜினாமாவா, வராமல் போனதா என்பதில் கம்பெனி சொல்வது ஏறிவிடும். கிராஜுவிட்டியை இங்கிருந்து வாங்குவதும் பெரும் பாடு. நாட்டுக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பழைய ரெசிடென்ஸ் தானாகச் செல்லாமல் போகும், அதோடு பேரம் பேசும் பலமும் போய்விடும். டிக்கெட்டைப் போட்டு அங்கே போய், நான்காவது படியிலிருந்து ஆரம்பியுங்கள்.